தவிட்டு ரோஜா

பழைய கிரேக்கத்தில் 'பிட்டிரோன்' என்றால் தவிடு. தவிடு மாதிரி மெல்லிசாகச் செதில் உதிர்கிற தோல் நோய்களை எல்லாம் அந்தக் காலத்து மருத்துவர்கள் 'பிட்டிரியாசிஸ்' என்று ஒரே மூட்டையில் கட்டிப் போட்டார்கள். அதில் ஒன்றுக்கு 1860இல் 'ரோஸியா' என்ற பின்னொட்டு சேர்ந்தது. ரோஜா நிறம். தவிடும் ரோஜாவும் சேர்ந்த இந்தப் பெயரை வைத்தவர் பாரிஸ்காரர் கமில் மெல்கியோர் ஜிபேர். அவர் பார்த்தது வெள்ளைத் தோல். நம்மூர்த் தோலில் அது ரோஜா நிறத்தில் வருவதில்லை. பழுப்பாக, சாம்பலாக, சிலருக்கு லேசான கத்தரிப்பூ நிறத்தில் வரும். ஆக, பெயரில் பாதி நமக்குப் பொருந்தாது. தவிடு மட்டும் பொருந்தும்.

நோயின் கதை சுருக்கமானது. முதலில் உடம்பில் எங்காவது ஒரே ஒரு திட்டு வரும். பெரும்பாலும் மார்பு, வயிறு, முதுகு. இரண்டிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் அகலம் இருக்கும், சில சமயம் அதைவிடப் பெரிதாகவும் வரும். அரிப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஒன்றிரண்டு வாரம் அது தனியாகவே இருக்கும். பிறகு திடீரென்று விலாப்பக்கமும் முதுகும் முழுக்கச் சின்னச் சின்னதாக முட்டை வடிவப் புள்ளிகள். ஆறு முதல் எட்டு வாரத்தில் எல்லாம் தானாகவே அடங்கிவிடும். வருகிறவர்களில் பெரும்பாலோர் பத்து வயதுக்கும் முப்பத்தைந்துக்கும் இடைப்பட்டவர்கள். பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் வரும்.

தானாகப் போய்விடுகிற ஒரு நோய்க்கு வரலாறு எதற்கு என்று கேட்கலாம். இதன் வரலாற்றில் முக்கால்வாசி இந்த நோயைப் பற்றியதே அல்ல. இதைப்போலவே தோற்றம் காட்டுகிற, தானாகப் போகாத இன்னொரு நோயிலிருந்து இதைப் பிரித்தெடுத்த கதை அது. அந்த இன்னொரு நோய் சிஃபிலிஸ்.

*

பாரிஸில் சேன்-லூயி என்று ஒரு மருத்துவமனை. 1607இல் பிளேக் நோயாளிகளுக்காக நான்காம் ஹென்றி மன்னன் கட்டியது. 1801இல் அதைத் தோல் நோய்களுக்கென்று ஒதுக்கினார்கள். 19ஆம் நூற்றாண்டின் தோல் மருத்துவம் பெரும்பாலும் அந்தச் சுவர்களுக்குள் பிறந்ததுதான். ஜிபேர் அங்கே வேலை பார்த்தார்.

அன்றைய பெரிய சண்டை சிஃபிலிஸைப் பற்றியது. அந்த நோய் கட்டம் கட்டமாக வரும். முதலில் பிறப்புறுப்பில் வலியில்லாத ஒரு புண். அது ஆறிப்போகும். சில வாரங்கள் கழித்து உடம்பெல்லாம் இளஞ்சிவப்புத் தடிப்புகள். இந்த இரண்டாம் கட்டத் தடிப்பு பிறருக்கு ஒட்டுமா, ஒட்டாதா? ஒட்டாது என்றார் பிலிப் ரிகோர். பாரிஸின் மிகப் பெரிய பால்வினை நோய் மருத்துவர் அவர். அவர் சொன்னால் அப்பீல் கிடையாது. ஒட்டாது என்பதை நம்பி எத்தனை பேர் கல்யாணம் செய்துகொண்டிருப்பார்கள், எத்தனை செவிலித்தாய்கள் நோயுள்ள குழந்தைகளுக்குப் பால் கொடுத்திருப்பார்கள் என்று யோசித்தால் இது ஏட்டுச் சண்டை இல்லை என்று புரியும்.

1859இல் ஜிபேர் பிரெஞ்சு மருத்துவக் கழகத்தின் முன் ஓர் அறிக்கை வைத்தார். இரண்டாம் கட்டத் தடிப்பிலிருந்து எடுத்த நீரை, சிஃபிலிஸ் இல்லாத நோயாளிகளின் தோலில் ஏற்றிப் பார்த்திருந்தார்கள். அவர்களுக்கு சிஃபிலிஸ் வந்தது. ஒட்டும் என்பது நிரூபணமானது. ரிகோர் தன் கருத்தைக் கைவிட வேண்டியதாயிற்று. அறிவியலாகப் பார்த்தால் ஜிபேர் சொன்னது சரி. ஆனால் வேறு ஏதோ சிகிச்சைக்காகப் படுத்திருந்தவர்களுக்கு, அன்றைக்குச் சரியான மருந்தே இல்லாத ஒரு நோயை வேண்டுமென்றே கொடுத்துத்தான் அந்தச் 'சரி' கிடைத்தது. பாடப்புத்தகங்களில் நிலைத்தது ஜிபேரின் பெயர் மட்டும்.

அடுத்த வருஷம், 1860இல், அவருடைய தோல் நோய் நூலின் புதிய பதிப்பு வந்தது. அதில்தான் பிட்டிரியாசிஸ் ரோஸியா தனி நோயாக இடம்பெறுகிறது. மேலுடம்பில் தொடங்கிக் கீழே தொடை வரை மெல்ல இறங்கும், ஒன்றரை இரண்டு மாதத்தில் போய்விடும் என்று அவர் விவரித்தார். இந்த இரண்டு வருஷங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எனக்கு இந்த வரலாறு பிடிபட்டது. எந்த இளஞ்சிவப்புத் தடிப்பு சிஃபிலிஸ், அது எவ்வளவு ஆபத்து என்று மல்லுக்கட்டிய அதே ஆள், எந்த இளஞ்சிவப்புத் தடிப்பு சிஃபிலிஸ் இல்லை என்றும் சொல்லவேண்டியிருந்தது. அன்றைக்கு ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. கண்ணும் விரலும்தான் கருவி. கண் தவறினால் ஒன்றுமில்லாதவருக்குப் பாதரசம் பூசுவார்கள், அல்லது சிஃபிலிஸ்காரரை 'ஒன்றுமில்லை, போ' என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

*

ஜிபேரின் விவரணையில் ஒரு முக்கியமான துண்டு விடுபட்டிருந்தது. அதைச் சேர்த்தவர் லூயி ப்ரோக். 1887இல் அவர் எழுதிய குறிப்பின் பொருள் அந்த முதல் திட்டு. 'ஆதித் திட்டு' என்ற பொருளில் பிரெஞ்சில் அவர் பெயர் வைத்தார். ஆங்கிலத்தில் அது 'ஹெரால்ட் பேட்ச்' ஆனது. நம் மொழியில் கட்டியக்காரத் திட்டு எனலாம். தெருக்கூத்தில் ராஜா வருவதற்கு முன்னால் வந்து, ராஜா வரப்போகிறார் என்று சொல்லிவிட்டுப் போவானே, அவன்தான்.

இது ஏன் முக்கியம்? இரண்டாம் கட்ட சிஃபிலிஸ் தடிப்புக்குத் தோலில் இப்படி ஒரு கட்டியக்காரன் கிடையாது. அதற்கு முன்னோடியாக வந்தது வேறு இடத்தில் வந்த புண். என் தொழிலில் ஒரு பிழையைத் தேடும்போது கடைசியாக வந்து கொட்டிய ஆயிரம் வரிகளைப் பார்க்கமாட்டோம். லாக் கோப்பில் முதன்முதலாக வந்த அந்த ஒரு வரியைத் தேடுவோம். ப்ரோக் செய்ததும் அதுதான். நோயாளி மருத்துவரிடம் வருவது நூறு புள்ளிகளோடு. முதலில் எது வந்தது என்று கேட்டால் பாதிச் சிக்கல் தீரும். 'முதல்ல ஒண்ணுதான் இருந்துது, இதோ இங்க, பெருசா' என்று அவர் சட்டையைத் தூக்கிக் காட்டினால் அது ஒரு வலுவான சாட்சி. எல்லோருக்கும் அந்தத் திட்டு இருக்காது, சிலர் கவனித்திருக்கவும் மாட்டார்கள். அதனால் வலுவான சாட்சிதானே தவிர, தீர்ப்பு அல்ல.

இன்னொரு சாட்சி புள்ளிகள் அடுக்கியிருக்கும் விதம். முட்டை வடிவத்தின் நீளப்பக்கம் விலா எலும்பின் போக்கில் சரிந்திருக்கும். முதுகைப் பார்த்தால் நடுத்தண்டிலிருந்து இரண்டு பக்கமும் கீழ்நோக்கிச் சரியும் கோடுகள். மேல்நாட்டுப் புத்தகங்கள் இதைக் கிறிஸ்துமஸ் மரம் என்கின்றன. நமக்கு மீன்முள்ளே போதும். இதற்கான விளக்கம் ஜிபேரின் நூல் வந்த அடுத்த ஆண்டே கிடைத்தது. ஆனால் அது வந்தது வேறு ஊரிலிருந்து, வேறு காரணத்துக்காக. வியன்னாவில் கார்ல் லாங்கர் என்ற உடற்கூற்று அறிஞர், பிணங்களின் தோலில் கூரான வட்டக் கருவியால் குத்திப் பார்த்தார். குத்தியது வட்டமாகத்தான், ஆனால் துளைகள் முட்டை வடிவமாக இழுபட்டன. தோலுக்குள் நார்கள் குறிப்பிட்ட திசையில் விறைப்பாக ஓடுகின்றன என்று அவர் கண்டார். அந்தக் கோடுகளை 1861இல் வரைந்தும் காட்டினார். அறுவை மருத்துவர்கள் இன்றும் தழும்பு சிறிதாக இருக்க அந்தக் கோட்டின் போக்கில்தான் கீறுகிறார்கள். பிட்டிரியாசிஸ் ரோஸியாவின் புள்ளிகளும் அதே கோடுகளின் மேல்தான் படுத்திருக்கின்றன. உயிரோடு இருக்கிற உடம்பில் லாங்கரின் கோடுகளைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் இந்த நோயாளியின் முதுகைப் பார்த்தால் போதும்.

*

இனி நம்ம ஊர்.

மதராஸில் இந்தத் தடிப்பின் வரலாறு தோலில் மட்டும் நிற்பதில்லை. 1868இல் பிரிட்டிஷ் இந்திய அரசு தொற்றுநோய்ச் சட்டம் ஒன்று கொண்டுவந்தது. பாலியல் தொழிலில் இருக்கும் பெண்கள் பெயரைப் பதிவு செய்ய வேண்டும், அவ்வப்போது உடம்பைப் பரிசோதனைக்குக் காட்ட வேண்டும், நோய் இருக்கிறது என்று மருத்துவர் சொன்னால் 'லாக் ஆஸ்பத்திரி'யில் அடைபட வேண்டும். நோக்கம் சிப்பாய்களைக் காப்பாற்றுவது. சிப்பாய்க்குப் பதிவேடு கிடையாது. 1888இல் சட்டம் ஒழிந்தது. அத்தனை வருஷமும் ஒரு பெண் வீட்டுக்குப் போவதா அடைபடுவதா என்பதை ஒரு மருத்துவரின் கண் தீர்மானித்தது.

கண்ணுக்குத் துணையாக ரத்தம் வந்தது பிறகுதான். 1905இல் சிஃபிலிஸ் கிருமியைக் கண்டார்கள். 1906இல் வாசர்மன் பரிசோதனை. 1946இல் வி.டி.ஆர்.எல். என்ற எளிய பரிசோதனை, இன்றும் நம் லேப் சீட்டில் இருப்பது. மதராஸ் பொது மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவு அந்த நடு நூற்றாண்டில் உலகம் கவனித்த இடம். அங்கே இருந்த ஆர்.வி. ராஜமும் பி.என். ரங்கையாவும் டோனோவனோசிஸ் என்ற பால்வினை நோயைப் பற்றி எழுதிய நூலை 1954இல் உலக சுகாதார நிறுவனமே வெளியிட்டது.

ஆனால் வார்த்தைகள் ஆய்வகத்தைவிட மெதுவாக மாறுபவை. தமிழில் பால்வினை நோய்க்கு மேகநோய் என்று பெயர். தோலில் வரும் படைக்கும் 'மேகப்படை' என்று ஒரு சொல் உண்டு. ஒரே மேகம் இரண்டின் மேலும் கவிந்திருக்கிறது. உடம்பில் திட்டு வந்தால் 'எங்க போய் வாங்கிட்டு வந்த?' என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

கோடம்பாக்கத்தில் ஆற்காடு சாலைக்கு உள்ளே ஒரு சந்தில் நான் சில வருஷம் அறையெடுத்துத் தங்கியிருந்தேன். என்னுடன் இருந்தவன் உதவி இயக்குநர், 27 வயது. ஒரு நாள் இடது விலாவுக்குக் கீழே ஒரு திட்டு வந்தது, பழைய ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது. மெடிக்கல் ஷாப்பில் சட்டையைத் தூக்கிக் காட்டினான். 'படர்தாமரை சார், ஷூட்டிங் வேர்வை' என்று ஒரு ட்யூப் கொடுத்தார்கள். பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக், வீரியமான ஸ்டீராய்டு, மூன்றும் கலந்த களிம்பு. பத்தாவது நாள் விலா, முதுகு, மேல்கை எல்லாம் புள்ளிகள்.

'மச்சி, பரவிடுச்சுடா' என்றான். குரல் சரியில்லை. அன்று ராத்திரி அவன் தூங்கவில்லை. கோடம்பாக்கம் ஸ்டேஷன் பக்கமும் மின்சார ரயில் பெட்டிக்குள்ளும் ஒட்டியிருக்கும் 'ரகசிய நோய்' போஸ்டர்களில் ஒன்றின் நம்பரை போனில் எடுத்து வைத்திருந்தான். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. மறுநாள் ஒரு தோல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

அந்த அம்மா செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். இந்த நோயை நூற்றைம்பது வருஷமாக எப்படிப் பிரித்தறிகிறார்களோ அதன் சுருக்கம் அது. முதல் கேள்வியே 'எது முதல்ல வந்தது?' விலாவுக்குக் கீழே இருந்ததைக் காட்டினான். அதன் மேல் டார்ச் அடித்துப் பார்த்தார். படர்தாமரையில் செதில் வளையத்தின் வெளி விளிம்பில் இருக்கும். இதில் விளிம்புக்குக் கொஞ்சம் உள்ளே, கழுத்துப்பட்டி மாதிரி ஒரு வளையம். அதன் ஒட்டிய பக்கம் வெளியே, பிரிந்த பக்கம் நடுவை நோக்கி. பிறகு செதிலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். அது தோலின் செல்களைக் கரைத்துவிடும், பூஞ்சை இருந்தால் அதன் இழைகள் மட்டும் தெரியும். இழை இல்லை. ஸ்டீராய்டு களிம்பு போட்டிருந்ததால் படர்தாமரையே உருமாறி வந்திருக்கவும் வாய்ப்புண்டு, அதனால்தான் சுரண்டிப் பார்த்தேன் என்றார்.

அடுத்து உள்ளங்கை, உள்ளங்கால், வாய்க்குள், கழுத்திலும் அக்குளிலும் நெறி. சிஃபிலிஸ் தடிப்பு உள்ளங்கையையும் உள்ளங்காலையும் பெரும்பாலும் விடாது. இது அங்கே அபூர்வமாகத்தான் போகும். புதிதாக ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாயா என்று கேட்டார். சில மருந்துகளும் இதே வேஷம் போடும். கடைசியாக என்னை வெளியே போகச் சொன்னார். உள்ளே என்ன கேட்டாரோ, அவன் என்ன சொன்னானோ தெரியாது. சீட்டில் வி.டி.ஆர்.எல்., ஹெச்.ஐ.வி. இரண்டும் எழுதியிருந்தார்.

அவன் அரண்டுவிட்டான். 'அப்ப அதுதானா மேடம்?' 'இல்லன்னு தொண்ணூறு பர்சென்ட் எனக்குத் தெரியும்ப்பா. மிச்சத்த ரத்தம் சொல்லட்டும்' என்றார். சீட்டின் ஓரத்தில், ரத்தத்தை நீர்க்கவைத்தும் பார்க்கச் சொல்லி ஒரு குறிப்பு. ஏன் என்று கேட்டேன். இரண்டாம் கட்ட சிஃபிலிஸில் சிலருக்கு எதிர்ப்புப் புரதம் அளவுக்கு மீறி இருக்கும், அப்போது பரிசோதனையில் படலம் கட்டாமல் 'இல்லை' என்று பொய் சொல்லும், நீர்க்கவைத்தால்தான் உண்மை தெரியும் என்றார். அதிகமாக இருப்பதாலேயே இல்லை என்று காட்டும் ஒரு பிழை. இந்த நோயைப் பற்றி நான் படிக்க ஆரம்பித்தது அந்த ஓரக் குறிப்பிலிருந்துதான்.

இரண்டுமே நெகட்டிவ். களிம்பை நிறுத்தச் சொன்னார். அரிப்புக்கு ஒரு மாத்திரை, குளித்ததும் தேங்காய் எண்ணெய், காட்டமான சோப்பு வேண்டாம். அவ்வளவுதான். ஏழாவது வாரம் செதில் போனது. பழுப்புத் தடம் மட்டும் மேலும் மூன்று மாதம் இருந்தது. மேல்நாட்டுப் புத்தகம் 'ஆறு வாரம்' என்று எழுதும்போது இந்தத் தடத்தைக் கணக்கில் வைப்பதில்லை. நம் தோலில் அழற்சி போன பிறகும் நிறமி உட்கார்ந்துகொள்ளும். 'இன்னும் போகலியே' என்று இரண்டாவது டாக்டர், மூன்றாவது டாக்டர் என்று அலைகிறவர்கள் துரத்துவது நோயை அல்ல, அதன் நிழலை.

*

மருந்தே இல்லையா என்றால், இருக்கிறது என்று ஒரு காலத்தில் டெல்லி சொன்னது.

2000ஆம் ஆண்டு ஓர் அமெரிக்கத் தோல் மருத்துவ இதழில் டெல்லி மருத்துவர்களின் ஆய்வு ஒன்று வந்தது. 90 நோயாளிகள். ஒரு பிரிவுக்கு எரித்ரோமைசின் என்ற பழைய ஆன்டிபயாடிக், மற்ற பிரிவுக்கு வெறும் போலி மாத்திரை, இரண்டு வாரம். மருந்து எடுத்தவர்களில் 73 சதவீதம் பேருக்கு முழுக்கக் குணம். போலி எடுத்தவர்களில் ஒருவருக்கும் இல்லை. உலகம் முழுக்க மருத்துவர்கள் எரித்ரோமைசின் எழுத ஆரம்பித்தார்கள்.

ஆய்வின் உள்ளே ஒரு சின்ன ஓட்டை இருந்தது. நோயாளிகளைக் குலுக்கலில் பிரிக்கவில்லை. ஒன்றுவிட்டு ஒன்றாக, முதலாமவர் இங்கே, அடுத்தவர் அங்கே என்று பிரித்தார்கள். நியாயமான முறை மாதிரிதான் தெரியும். ஆனால் அடுத்து வருபவர் எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே ஊகிக்க முடிந்தால், யாரைச் சேர்ப்பது, யாரை நாளைக்கு வரச்சொல்வது என்பதில் மனசு தெரியாமலே விளையாடும். இரண்டு மாதத்தில் தானாகப் போகிற நோயில் இந்த விளையாட்டு ரொம்பப் பெரியது. ஆறாவது வாரம் வந்தவருக்கு எதைக் கொடுத்தாலும் எட்டாவது வாரம் குணமாகிவிடும்.

பிறகு 2014இல், டெல்லியிலிருந்தே வேறொரு குழு, 70 நோயாளிகளைக் குலுக்கலில் பிரித்து, எரித்ரோமைசினின் உறவுக்கார மருந்தான அசித்ரோமைசினைக் கொடுத்துப் பார்த்தது. போலி மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. மூலக்காரணம் பற்றிய பேச்சும் இதற்குள் மாறியிருந்தது. 1997இல் இத்தாலியின் ஜெனோவாவில் டிராகோவும் சகாக்களும் இந்த நோயாளிகளிடம் ஏழாம் எண் ஹெர்ப்பிஸ் வைரஸைக் கண்டதாக எழுதினார்கள். சின்ன வயதில் நம் எல்லோருக்குள்ளும் சத்தமில்லாமல் வந்து குடியேறுகிற வைரஸ் அது, தூங்கிக்கொண்டே இருக்கும். ஏதோ ஒரு சமயம் விழித்துக்கொள்வதன் அடையாளம்தான் இந்தத் தடிப்பு என்பது இன்றைய வலுவான கருத்து. சில ஆய்வுகளில் அந்த வைரஸ் அகப்படவில்லை, அதனால் வழக்கு மூடப்படவில்லை. வைரஸ்தான் என்றால் ஆன்டிபயாடிக்குக்கு அங்கே வேலையும் இல்லை. ஹெர்ப்பிஸுக்குத் தரும் அசைக்ளோவிர் மாத்திரை சிலருக்குத் தடிப்பைச் சீக்கிரம் அடக்குகிறது, அதனால் ரொம்பக் கடுமையாக வந்தவர்களுக்கு எழுதுகிறார்கள். கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் வந்தால் மட்டும் இதை 'ஒன்றுமில்லை' என்று விடக்கூடாது, மகப்பேறு மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

என் அறைத்தோழனுக்கு முதலில் கிடைத்த அந்த மூன்று கலவை ட்யூபுக்கும் ஒரு வரலாறு உண்டு. 2018இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. தோல் மருத்துவர்கள் பல வருஷம் கத்திய பிறகு. படர்தாமரைக்கு ஸ்டீராய்டு போட்டால் முதலில் அரிப்பு நின்று, பிறகு பூஞ்சை கொழுத்துப் பரவும். கட்டியக்காரத் திட்டுக்குப் போட்டாலோ, அது மங்கிப்போய் ப்ரோக் சொன்ன அந்த முதல் சாட்சியே அழிந்துவிடும்.

அந்த போஸ்டர் நம்பரை அவன் எப்போது அழித்தான் என்று தெரியாது. ரிப்போர்ட்டை மட்டும் ரொம்ப நாள் பர்ஸில் மடித்து வைத்திருந்தான். 'எதுக்குடா?' என்றேன். 'ஊருக்குப் போறேன்ல. அம்மா முதுகுல தடத்தப் பாத்தா கேப்பாங்க' என்றான். அந்த அம்மாவுக்கு வி.டி.ஆர்.எல். என்றால் என்ன என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. காட்ட ஒரு காகிதம் கையில் இருக்கவேண்டும் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது.